20.1 ஓவர் என்பது 20.1 அல்ல: நெட் ரன் ரேட் கணக்கைச் சரிபார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

2023 ஆசியக் கோப்பையின் ஏ பிரிவுப் பட்டியலில் இந்தியாவின் நெட் ரன் ரேட் +1.028. ஸ்கோர்கார்டில் உள்ள எண்களை அப்படியே எக்செல் ஷீட்டில் போட்டு வகுத்துப் பார்த்தவருக்கு +1.053 வரும். ரன்னில் தவறில்லை, சூத்திரத்திலும் தவறில்லை. இந்தியா சேஸ் செய்து முடித்த ஓவர் 20.1. அந்தப் புள்ளியை ஷீட் தசமப் புள்ளியாக எடுத்துக்கொண்டதுதான் காரணம்.

ஸ்கோர்கார்டில் 20.1 என்றால் 20 ஓவரும் ஒரு பந்தும். ஒரு ஓவருக்கு ஆறு பந்து என்பதால் அதன் உண்மையான மதிப்பு 20.1667 ஓவர். மணி 1.30 என்று எழுதுவதைப் போன்றதுதான் இது. ஒன்றரை மணி நேரத்தைத்தான் அது குறிக்கிறது, 1.3 மணி நேரத்தை அல்ல. கடிகாரத்தில் யாரும் ஏமாறுவதில்லை. ஓவரில் ஏமாறுகிறோம், ஏனென்றால் .1 முதல் .5 வரை எல்லாமே பார்வைக்கு முறையான தசமமாகத் தெரிகிறது.

வேறு யாரோ போட்ட கணக்கை, உங்கள் ஊர் லீக்கின் பட்டியலாக இருந்தாலும், சரிபார்க்கும் முறையை இங்கே படிப்படியாகத் தருகிறேன். உதாரணங்கள் எல்லாம் 2023 ஆசியக் கோப்பையிலிருந்து. அதன் இரண்டு பிரிவுகளும் சிறியவை, ஒவ்வொன்றிலும் மூன்று அணிகள், மூன்று ஆட்டங்கள். அதனால் முழுப் பட்டியலையும் கையாலேயே போட்டுப் பார்க்கலாம்.

முதலில்: எந்த ஓவர் கணக்கில் வரும்?

புள்ளியைத் திருத்தும் முன் இதை முடிவு செய்தாக வேண்டும். ஓவர் எண்ணிக்கையே தவறாக எடுக்கப்பட்டிருந்தால் புள்ளியைத் திருத்தி எந்தப் பயனும் இல்லை.

நெட் ரன் ரேட் என்பது தொடர் முழுவதும் ஓர் அணி எடுத்த மொத்த ரன்னை அது ஆடிய மொத்த ஓவரால் வகுத்து, அதிலிருந்து அது விட்டுக்கொடுத்த மொத்த ரன்னை அது வீசிய மொத்த ஓவரால் வகுத்துக் கழிப்பது. இதில் மூன்று விதிகளைக் கவனிக்க வேண்டும்.

ஓர் அணி ஆல் அவுட் ஆனால், எத்தனையாவது ஓவரில் ஆனாலும், அதற்கு ஒதுக்கப்பட்ட முழு ஓவரும் ஆடியதாகவே கணக்கு. பி பிரிவில் இலங்கைக்கு எதிராக வங்கதேசம் 42.4 ஓவரில் 164 ரன்னுக்கு ஆல் அவுட் ஆனது. கணக்கில் வருவது 50 ஓவர். இங்கே 42.4 என்ற எண்ணுக்கே வேலையில்லை. அதை 42.6667 என்று அக்கறையாகத் திருத்தி வைப்பவர்களையும் பார்க்கலாம். அதுவும் தவறுதான்.

மழையால் டி.எல்.எஸ். முறையில் இலக்கு மாற்றப்பட்டு முடிவு கிடைத்த ஆட்டத்தில், முதலில் ஆடிய அணியின் உண்மையான ஸ்கோர் கணக்கில் வராது. மாற்றப்பட்ட இலக்கில் ஒன்றைக் குறைத்து, அதை இரண்டாவது அணிக்குக் கிடைத்த ஓவர்களில் எடுத்ததாக வைத்துக்கொள்வார்கள்.

முடிவில்லாமல் போன ஆட்டம் கணக்கிலேயே சேராது. பல்லெகெலேயில் பாகிஸ்தானுக்கு எதிராக இந்தியா 266 ரன் எடுத்த பிறகு மழை வந்து ஆட்டம் கைவிடப்பட்டது. அந்த 266 இந்தியாவின் நெட் ரன் ரேட்டில் எங்குமே இல்லை.

இந்த மூன்றையும் கடந்து நிற்கும் ஓவர்களில் உதிரிப் பந்து வருவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: வெற்றிகரமாகச் சேஸ் செய்து நடு ஓவரில் ஆட்டத்தை முடித்த அணியின் கணக்கில். அதை எதிர்கொண்ட அணியின் பந்துவீச்சுக் கணக்கிலும் அதே எண் இருக்கும். ஆகவே தேட வேண்டிய கட்டங்கள் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. ஷீட்டில் புள்ளியுள்ள ஓவர்களை மட்டும் பொறுக்கியெடுங்கள். ஒவ்வொன்றுக்கும் “இந்த அணி ஜெயித்ததா, ஆல் அவுட் ஆனதா?” என்று கேளுங்கள். ஆல் அவுட் என்றால் முழு ஓவரைப் போடுங்கள். ஜெயித்தது என்றால் அடுத்த படிக்குப் போகலாம்.

ஓவரைப் பந்தாக மாற்றுங்கள்

20.1667 என்று தட்டச்சு செய்யாதீர்கள். எல்லாவற்றையும் பந்தாக மாற்றி, பந்தாகவே கூட்டி, கடைசியில் ஒரே ஒரு முறை ஆறால் வகுப்பதுதான் பிழை குறைந்த வழி. பந்து முழு எண் என்பதால் கூட்டுவதில் சிக்கலே வராது. வைடும் நோ பாலும் ஓவர் எண்ணிக்கையில் சேராதவை, ஆகவே அவற்றைத் தனியாகக் கவனிக்க வேண்டியதில்லை. ஸ்கோர்கார்டின் ஓவர் எண்ணே அவற்றை நீக்கித்தான் எழுதப்பட்டிருக்கும்.

B2 கட்டத்தில் 20.1 என்று இருந்தால், பந்து எண்ணிக்கை இது:

```
=INT(B2)*6+ROUND((B2-INT(B2))*10,0)
```

விடை 121. இதில் `ROUND` இருப்பது அழகுக்காக அல்ல. கணினி 37.4 என்ற எண்ணை உள்ளே துல்லியமாக வைத்துக்கொள்வதில்லை, மயிரிழை குறைவாக வைத்துக்கொள்கிறது. அதிலிருந்து 37-ஐக் கழித்துப் பத்தால் பெருக்கினால் 4 வராமல் 3.99999… என்று வரும். `ROUND` இருக்கும் இடத்தில் `INT` போட்டிருந்தால் அது 3 ஆகி, ஒரு பந்து சத்தமில்லாமல் காணாமல் போகும். மற்றவர் தயாரித்த ஷீட்டில் பந்தாக மாற்றும் சூத்திரம் ஏற்கெனவே இருந்தாலும், 37.4 என்று போட்டு 226 வருகிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

மொத்தப் பந்தை மீண்டும் ஓவராகக் காட்ட வேண்டுமென்றால் (D2-வில் பந்து):

```
=INT(D2/6)&"."&MOD(D2,6)
```

இதன் விடை எண்ணாக இல்லாமல் எழுத்தாக வருவது நல்லதே. பின்னால் யாராவது அந்த வரிசையை `SUM` போட்டுக் கூட்ட முயன்றாலும் அது சேராது.

இந்தியாவின் கணக்கு, முழுவதுமாக

2023 செப்டம்பர் 4, பல்லெகெலே. நேபாளம் 48.2 ஓவரில் 230 ஆல் அவுட். மழைக்குப் பிறகு இந்தியாவுக்கு 23 ஓவரில் 145 இலக்கு. விக்கெட் இழப்பில்லாமல் 20.1 ஓவரில் 147 எடுத்து ஜெயித்தது. பாகிஸ்தானுடனான ஆட்டம் முடிவில்லாதது என்பதால், இந்தியாவின் பிரிவுச் சுற்றுக் கணக்கு முழுக்க இந்த ஓர் ஆட்டம்தான்.

இந்தியா எடுத்தது 147, ஆடியது 121 பந்து. 121-ஐ ஆறால் வகுத்தால் 20.1667. ரன் ரேட் 7.2893.

இந்தியா விட்டுக்கொடுத்ததாகக் கணக்கில் வருவது 230 அல்ல, 144. ஓவரும் 48.2 அல்ல, 50 அல்ல, 23. ரன் ரேட் 6.2609.

கழித்தால் 1.0284. மூன்று இலக்கத்துக்குச் சுருக்கினால் +1.028, பட்டியலில் உள்ளதே.

இப்போது தவறான வழியிலும் போட்டுப் பாருங்கள். 147-ஐ 20.1 ஆல் வகுத்தால் 7.3134. அதிலிருந்து 6.2609 போனால் 1.0526. சரிபார்ப்பவர் இந்த இரண்டாவது கணக்கையும் கட்டாயம் போட வேண்டும் என்பேன். உங்கள் கையில் உள்ள ஷீட் +1.053 என்று சொன்னால், தவறு இருக்கிறது என்பதோடு அது எந்தத் தவறு என்பதும் உறுதியாகிவிடும். வெறுமனே “உங்கள் கணக்கு தப்பு” என்று பட்டியல் போட்டவரிடம் போய் நிற்பதற்கும், “20.1-ஐத் தசமமாக எடுத்திருக்கிறீர்கள், அதனால்தான் இந்த எண் வருகிறது” என்று காட்டுவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

அதே ஆட்டம் நேபாளத்தின் கணக்கில் என்ன செய்கிறது? நேபாளம் பாகிஸ்தானுக்கு எதிராக 104 ஆல் அவுட் (50 ஓவராகக் கணக்கு), இந்தியாவுக்கு எதிராக 23 ஓவரில் 144. ஆக 73 ஓவரில் 248, அதாவது 3.3973. விட்டுக்கொடுத்தது பாகிஸ்தானுக்கு 50 ஓவரில் 342, இந்தியாவுக்கு 121 பந்தில் 147. ஆக 421 பந்தில் 489, ஓவருக்கு 6.9691. நெட் ரன் ரேட் −3.572. புள்ளியைத் தசமமாக எடுத்திருந்தால் −3.578 வந்திருக்கும்.

இங்கே இரண்டு விஷயம் தெரிகிறது. இந்தத் தவறு ஓவரை எப்போதும் குறைத்தே காட்டும், ஆகவே ரன் ரேட்டைக் கூட்டியே காட்டும். சேஸ் செய்து ஜெயித்த அணிக்கு அது லாபம், தோற்ற அணிக்கு நஷ்டம். அடுத்தது, ஆட்டங்கள் சேரச் சேர வித்தியாசம் சுருங்கும். ஓர் ஆட்டம் மட்டும் உள்ள இந்தியாவுக்கு 0.024, இரண்டு ஆட்டம் உள்ள நேபாளத்துக்கு 0.007-க்கும் குறைவு.

வித்தியாசத்தின் அளவை வைத்து நோயைக் கண்டுபிடிப்பது

ஒரு உதிரிப் பந்து உண்மையில் ஆறில் ஒரு பங்கு ஓவர். தசமமாக எடுத்தால் பத்தில் ஒரு பங்கு. இரண்டுக்கும் இடைவெளி பதினைந்தில் ஒரு பங்கு ஓவர். .5 என்று முடிந்தால் ஐந்து மடங்கு, அதாவது மூன்றில் ஒரு பங்கு ஓவர், சரியாக இரண்டு பந்து காணாமல் போகிறது.

இதிலிருந்து ஒரு விரைவுக் கணக்கு கிடைக்கிறது. ஓர் அணியின் ஒரு பக்கத்து ஓவர்களில் புள்ளிக்குப் பின்னுள்ள இலக்கங்களை எல்லாம் கூட்டி 15-ஆல் வகுங்கள். அதை அந்தப் பக்கத்து ரன் ரேட்டால் பெருக்கி, மொத்த ஓவரால் வகுங்கள். இந்தியாவுக்கு: 1-ஐ 15-ஆல் வகுத்து, 7.29-ஆல் பெருக்கி, 20.17-ஆல் வகுத்தால் 0.024. மேலே முழுக் கணக்கில் வந்த அதே இடைவெளி. ஷீட்டுக்கும் உங்கள் விடைக்கும் உள்ள வித்தியாசம் இந்த அளவில் இருந்தால் குற்றவாளி புள்ளிதான். வித்தியாசம் 0.3, 0.5 என்று பெரிதாக இருந்தால் புள்ளியை விட்டுவிட்டு ஆல் அவுட் விதியையோ டி.எல்.எஸ். இலக்கையோ பாருங்கள்.

இன்னொரு பெரிய தவறும் உண்டு: ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தனித்தனியாக நெட் ரன் ரேட் போட்டுச் சராசரி எடுப்பது. நேபாளத்துக்கு அப்படிச் செய்தால் −4.760, −1.028 இரண்டின் சராசரியாக −2.894 வரும். உண்மையான −3.572-க்குப் பக்கத்தில்கூட இல்லை.

ஷீட்டில் தனித்தனி ஆட்டங்கள் இல்லாமல் மொத்த ஓவர் மட்டும் கொடுத்திருந்தால், கடைசி இலக்கத்தைப் பாருங்கள். ஓவர் எழுதும் முறையில் .6, .7, .8, .9 என்று முடியவே முடியாது. பி பிரிவில் ஆப்கானிஸ்தான் ஆடியது 44.3-உம் 37.4-உம். சாதாரணமாகக் கூட்டினால் 81.7. பந்தாக மாற்றினால் 267-உம் 226-உம் சேர்ந்து 493, அதாவது 82.1 ஓவர். 81.7 என்று ஒரு மொத்தத்தைக் கண்டால், ஒன்று அது முன்பே சரியாகத் தசமமாக மாற்றப்பட்ட எண்ணாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பந்தைத் தசமமாகக் கூட்டிய எண். முழுப் பந்துக்கான சரியான தசமம் .1667, .3333, .5, .6667, .8333 இவற்றில்தான் முடியும். .7 இதில் இல்லை, ஆகவே இது கூட்டல் பிழைதான். (இந்த ஆட்டங்களில் ஆப்கானிஸ்தான் இரண்டு முறையும் ஆல் அவுட் என்பதால் கணக்கில் வர வேண்டியது 100 ஓவர் என்பது வேறு.) மொத்தம் .5-க்குள் முடிந்திருந்தால் மட்டும் நிம்மதி அடைய வேண்டாம். 18.2-உம் 17.3-உம் சேர்ந்தால் எப்படிக் கூட்டினாலும் 35.5. கூட்டல் சரிதான், அடுத்து அந்த 35.5-ஆல் வகுக்கும்போது தவறு நுழைந்துவிடும்.

இருபக்கமும் ஒத்துப்போனால் போதுமா?

பட்டியலைச் சரிபார்க்கும் பழைய வழி ஒன்று உண்டு. எல்லா அணிகளும் எடுத்த ரன்னின் மொத்தமும் விட்டுக்கொடுத்த ரன்னின் மொத்தமும் சமமாக இருக்க வேண்டும், ஓவரும் அப்படியே. ஏ பிரிவில் இரண்டு பக்கமும் 737 ரன், 859 பந்து. ஓர் அணியின் பக்கத்தில் மட்டும் ஆல் அவுட் விதியை மறந்திருந்தால் இந்தச் சோதனை உடனே காட்டிக்கொடுக்கும்.

ஆனால் புள்ளிப் பிழையை இது பிடிக்காது. 20.1 என்ற எண் இந்தியாவின் பேட்டிங்கிலும் நேபாளத்தின் பந்துவீச்சிலும் ஒரே மாதிரி தவறாக நுழைவதால், இரண்டு பக்கமும் 143.1 என்று அழகாகச் சமமாகும். “இரண்டு பக்கமும் டேலி ஆகிறது” என்று யாராவது சொன்னால், புள்ளி விஷயத்தில் அது ஆதாரமே அல்ல. பந்தாக மாற்றிப் பார்ப்பதற்கு மாற்று இல்லை.

விடையை ஓவராகப் படிக்கும்போது: லாகூர் கணக்கு

புள்ளித் தவறு மிகப் பெரிய சேதம் செய்வது முடிந்துபோன பட்டியலில் அல்ல. “எத்தனை ஓவருக்குள் ஜெயிக்க வேண்டும்?” என்ற கணக்கில்தான். அங்கே விடை முதலில் தசமமாக வரும், அதைத் திரும்ப ஓவராகவும் பந்தாகவும் மாற்ற வேண்டும். தலைகீழான அந்த மாற்றத்தைச் செய்யாமல் விட்டால் சில பந்துகள் இனாமாகக் கிடைத்ததுபோல் தோன்றும்.

2023 செப்டம்பர் 5, லாகூர். இலங்கை 50 ஓவரில் 291. ஆப்கானிஸ்தான் 292 எடுத்து ஜெயித்தால் மூன்று அணிகளும் தலா ஒரு வெற்றியோடு நிற்கும். அவற்றில் இரண்டு மட்டுமே அடுத்த சுற்றான சூப்பர் ஃபோருக்குப் போகும். வங்கதேசம் +0.373 என்று முடித்துவிட்டதால், ஆப்கானிஸ்தான் முந்த வேண்டியது இலங்கையைத்தான்.

ஆப்கானிஸ்தான் வங்கதேசத்துக்கு எதிராக 245 ஆல் அவுட், விட்டுக்கொடுத்தது 334. இலங்கை வங்கதேசத்தை 164-க்குச் சுருட்டி, 39 ஓவரில் 165 எடுத்திருந்தது. ஆப்கானிஸ்தான் 292-ஐ எட்டும்போது தொடரில் அது ஆடிய மொத்த ஓவரை x என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆட்டத்தின் 50-உம் இதில் அடக்கம். இலங்கை வீசிய மொத்த ஓவரும் அதே x தான், ஏனென்றால் அதுவும் வங்கதேசத்தை ஆல் அவுட் ஆக்கி 50 ஓவரைக் கணக்கில் வைத்திருக்கிறது.

```
537/x - 6.25  >  5.1236 - 456/x
993/x         >  11.3736
x             <  87.3075
```

இடப்பக்கம் ஆப்கானிஸ்தான்: எடுத்தது 245-உம் 292-உம், விட்டது 100 ஓவரில் 625. வலப்பக்கம் இலங்கை: எடுத்தது 89 ஓவரில் 456, விட்டது 164-உம் 292-உம். முதல் ஆட்டத்தின் 50-ஐக் கழித்தால் மிச்சம் 37.3075 ஓவர்.

இதை அப்படியே படித்தால் “37.3 ஓவர் வரை நேரம் இருக்கிறது” என்று தோன்றும். ஆனால் இது தசமம். .3075-ஐ ஆறால் பெருக்கினால் 1.845 பந்து. பாதிப் பந்து வீச முடியாது, எப்போதும் கீழ்நோக்கித்தான் முழுமையாக்க வேண்டும். ஆக 37 ஓவரும் ஒரு பந்தும். அன்று எல்லோரும் சொன்ன 37.1 இதுதான். தசமமாகப் படித்தவர் இரண்டு பந்தைக் கூடுதலாகக் கொடுத்திருப்பார். 37.2-இல் எட்டியிருந்தால் ஆப்கானிஸ்தான் −0.101, இலங்கை −0.098. வெளியேறுவது ஆப்கானிஸ்தான்தான்.

37 ஓவர் முடிவில் ஆப்கானிஸ்தான் 8 விக்கெட்டுக்கு 289. அடுத்த பந்தில் மூன்று ரன் தேவை. முஜீப் தூக்கி அடித்துக் கேட்ச் ஆனார். எல்லாம் முடிந்தது என்று நினைத்து அடுத்து வந்த ஃபரூக்கி இரண்டு பந்தைத் தடுத்து ஆடி, 37.4-இல் எல்.பி.டபிள்யூ. ஆனார். மறுமுனையில் ரஷித் கான் நின்றுகொண்டிருந்தார்.

உண்மையில் முடியவில்லை. ஆட்டத்தை முடிக்கும் அடி நான்காகவோ ஆறாகவோ இருந்தால் ஸ்கோர் 292-இல் நிற்காது, கூடுதல் ரன்னும் கணக்கில் சேரும். மேலே உள்ள 993 என்பது ஒவ்வொரு கூடுதல் ரன்னுக்கும் இரண்டு கூடும், ஏனென்றால் அது ஆப்கானிஸ்தானின் வரவிலும் இலங்கையின் செலவிலும் ஒரே சமயத்தில் ஏறுகிறது. அப்படிப் போட்டால் எல்லை இப்படி நகர்கிறது:

- 293 என்றால் 37.4833 வருகிறது, அதாவது 37.2 ஓவர்
- 294 என்றால் 37.6592, அதாவது 37.3
- 295 என்றால் 37.8350, அதாவது 37.5
- 296 என்றால் 38.0109, அதாவது 38.0
- 297 என்றால் 38.1868, அதாவது 38.1

ஆகவே ஃபரூக்கி அவுட் ஆன அதே 37.4 பந்தில் ஆறு போயிருந்தால் 295, ஆப்கானிஸ்தான் சூப்பர் ஃபோருக்குப் போயிருக்கும். தங்களுக்கு 37.1 என்ற ஓர் எண் மட்டுமே சொல்லப்பட்டது, இந்த மற்ற எல்லைகள் சொல்லப்படவில்லை என்று பயிற்சியாளர் ஜொனாதன் டிராட் ஆட்டத்துக்குப் பிறகு சொன்னார்.

இந்த வரிசையைச் சரிபார்ப்பவர் கவனிக்க வேண்டியது கடைசி இரண்டு வரிகள். 38.0109, 38.1868 இரண்டையும் தசமமாகவே படித்தாலும் 38.0, 38.1 என்ற சரியான விடைதான் தற்செயலாகக் கிடைக்கும். 293-க்கும் 294-க்கும் அப்படியல்ல, 37.4 என்றும் 37.6 என்றும் தவறாக வரும். அதனால் ஒரே ஒரு வரியை எடுத்துப் பார்த்து, அது ஒத்துப்போகிறது என்பதற்காக முழு அட்டவணையையும் ஒப்புக்கொள்ளக் கூடாது. புள்ளிக்குப் பின் .4-க்கு மேல் வரும் வரிகளை எடுத்துச் சோதியுங்கள், தவறு இருந்தால் அங்கேதான் துருத்திக்கொண்டு தெரியும். சந்தேகம் இருந்தால் எல்லைப் பந்துக்கும் அதற்கு அடுத்த பந்துக்கும் இரு அணிகளின் நெட் ரன் ரேட்டையும் பந்துக் கணக்கில் முழுதாகப் போடுங்கள். எல்லைப் பந்தில் ஓர் அணி முன்னால் இருக்க வேண்டும், அடுத்த பந்தில் மற்றது முந்த வேண்டும்.